‘விலை அதிகம்’ என்று 58 பேர் சொன்னால்

*கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கோவையில் ஒரு உடற்பயிற்சி ஆப் நடத்துகிறோம். மாதச் சந்தா 349 ரூபாய். கடந்த மூன்று மாதத்தில் 420 பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். ரத்து செய்யும் பக்கத்தில் ‘ஏன் போகிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். 126 பேர் பதில் சொன்னார்கள். 58 பேர் ‘விலை அதிகம்’, 31 பேர் ‘நேரமில்லை’, 37 பேர் ‘வேறு காரணம்’ என்று ஏதேதோ எழுதியிருக்கிறார்கள். விலையை 199 ஆக்கிவிடலாம் என்கிறார் என் கூட்டாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் காரணங்களை எப்படிப் பிரித்தால் எதைச் சரிசெய்வது என்று தெரியும்?*

விலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். அந்த 58 பேரும் ஒரே காரணத்துக்காகப் போனவர்களாக இருக்க வாய்ப்பில்லை. அதை ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் நீங்களே பார்த்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் 420 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும்.

அந்த 420 பேரில் எத்தனை பேர் உங்கள் கேள்வியைக் கண்ணால் பார்த்தார்கள்? உங்கள் ஆப்புக்குள் வந்து ரத்து செய்தவர்கள் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். யுபிஐ ஆட்டோபேயில் சந்தா கட்டுகிறவர், தன் யுபிஐ ஆப்பிலேயே அந்த அனுமதியை ரத்து செய்துவிடலாம். உங்கள் பக்கமே வரவேண்டியதில்லை. கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் நின்றுபோனவர், கார்டு காலாவதியானவர், புது கார்டு வாங்கிவிட்டுப் பழைய அனுமதியை மறந்தவர் என்று இன்னொரு கூட்டம் இருக்கும். இவர்கள் போக வேண்டும் என்று முடிவே எடுக்கவில்லை. இவர்களுக்கு ‘காரணம்’ என்று ஒன்று கிடையாது, பணம் வரும் வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, தானாகப் போனவர்களையும் தெரியாமல் விடுபட்டவர்களையும் பிரிப்பது. கூகுள் பிளே வழியாகச் சந்தா கட்டியவர்களுக்கு இது எளிது. ரத்தானதன் விவரத்தைக் கேட்டால் `userInitiatedCancellation` என்றோ `systemInitiatedCancellation` என்றோ வரும். முதலாவது அவரே ரத்து செய்தது, இரண்டாவது பணம் வராததால் கூகுள் நிறுத்தியது போன்றவை. அவரே ரத்து செய்திருந்தால் கூகுளும் அந்த இடத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறது. அவர் பதில் சொல்லியிருந்தால் `cancelSurveyResult` என்பதற்குள் இருக்கும். அதை நிறையப் பேர் எடுத்துப் பார்ப்பதே இல்லை. ஆப்பிளில் காரணம் கிடைக்காது, ஆனால் `EXPIRED` அறிவிப்போடு `VOLUNTARY` என்றோ `BILLING_RETRY` என்றோ ஒரு குறிப்பு வரும். பிரிக்க அது போதும். நேரடி யுபிஐ, கார்டு என்றால் உங்கள் பேமென்ட் கேட்வேயின் அறிக்கையில், பிடித்தம் தோல்வியடைந்ததா, அனுமதியே ரத்து செய்யப்பட்டதா என்பது தனித்தனியாக இருக்கும்.

தோல்வியடைந்தவர்களை இந்த சர்வேக் கணக்கிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். முதலில் கவனிக்க வேண்டியவர்களும் இவர்கள்தான். தோல்வியடைந்த அன்றே பிடித்துவிடாமல் இரண்டு மூன்று நாள் கழித்து, அதுவும் சம்பளம் வரும் மாத முதல் வாரத்தில், மறுபடி முயல்வது, பணம் பிடிபடவில்லை என்று ஒரு தெளிவான செய்தியும் லிங்க்கும் அனுப்புவது என்று இதற்கான மருந்து வேறு. இதற்கு சர்வேயே வேண்டாம்.

சரி, இப்போது அந்த 58 பேர். ஒரு ஷீட் திறந்து அவர்களை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் மூன்று தகவல் மட்டும் போதும். சேர்ந்து எத்தனை நாளானது, கடைசி 30 நாளில் எத்தனை பயிற்சியை முழுதாக முடித்தார், ரத்து செய்தது எந்தத் தேதி. ஆப்பைத் திறந்த எண்ணிக்கையை எடுக்காதீர்கள். நோட்டிஃபிகேஷனைத் தட்டிவிட்டு மூடுகிறவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 33 பேர் கடைசி ஒரு மாதத்தில் ஒரு பயிற்சியைக்கூட முடிக்கவில்லை. 14 பேர் வாரத்துக்கு மூன்று தடவைக்குக் குறையாமல் செய்தவர்கள். மீதி 11 பேர் சேர்ந்த முதல் வாரத்திலேயே கிளம்பிவிட்டவர்கள். மூன்று கூட்டமும் தட்டியது ஒரே பட்டனைத்தான். ஆனால் சொன்ன விஷயம் மூன்று.

33 பேர் சொன்னது, ‘பயன்படுத்தாத ஒன்றுக்கு 349 ரூபாய் அதிகம்’ என்று. 199 ஆக்கினாலும் பயன்படுத்தாத ஒன்றுக்கு அது அதிகம்தான். இவர்களுடைய ரத்துத் தேதியை இன்னொரு தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் பிடிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். ‘உங்கள் கணக்கிலிருந்து 349 ரூபாய் எடுக்கப்படும்’ என்ற அந்தச் செய்தி போன அன்றோ மறுநாளோ இவர்களில் பாதிப் பேர் ரத்து செய்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள்: அவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே போய்விட்டார்கள், அந்தச் செய்தி வந்து ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான். விலை அவர்கள் கண்ணில் பட்ட கடைசி விஷயம். அதனால் அதையே காரணமாக எழுதிவிட்டார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தேட வேண்டியது, அவர்கள் பயிற்சி செய்வதை நிறுத்திய அந்த நாளில் என்ன நடந்தது என்பதை.

இதை நான் ஒரு போன் பேச்சில்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு உடற்பயிற்சி ஆப்புக்காக, விலகியவர்களைக் கூப்பிட்டுப் பேசும் வேலை செய்தேன். ஒரு பெண்மணி சர்வேயில் ‘நேரமில்லை’ என்று தட்டியிருந்தார். அவருடைய பதிவைப் பார்த்தால் ஒன்பது நாள் விடாமல் காலை 5:40க்குப் பயிற்சி. பத்தாம் நாளும் சரியாக 5:40க்குத் தொடங்கியிருக்கிறார். நான்காவது நிமிடத்தில் மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நேரமில்லாதவர் செய்கிற காரியம் மாதிரி இல்லையே என்று கூப்பிட்டேன். “அன்னிக்குக் குதிக்கிற பயிற்சி வந்துச்சுங்க. நாங்க ரெண்டாவது மாடி. கீழ் வீட்டுல கைக்குழந்தை. அந்தப் பொண்ணு மேல வந்து, ‘அக்கா, இப்பதான் தூங்க வெச்சேன்’னு சொல்லிட்டுப் போச்சு. எனக்குச் சங்கடமா போயிடுச்சு. அதோட விட்டுட்டேன்” என்றார். “அப்புறம் ஏம்மா நேரமில்லைன்னு போட்டீங்க?” என்று கேட்டேன். “வேற எதுவும் அதுல பொருந்தலையே” என்றார்.

பத்தாம் நாள் பயிற்சியை அந்த ஆப்பில் யார் திறந்தாலும் குதித்தே ஆக வேண்டும். மாற்று எதுவும் கிடையாது. பயிற்சியாளர் ஒரு நாள் உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே முட்டியை உயர்த்தி நடக்கிற மாதிரி சத்தமில்லாத மாற்றுப் பயிற்சிகளை எடுத்துக்கொடுத்தார். ‘குதிக்காமல் செய்ய’ என்று ஒரு பட்டன் வந்தது. அந்தப் பெண்மணி திரும்பி வரவில்லை, அதற்குள் பக்கத்துப் பூங்காவில் நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் சொல்லியிருக்காவிட்டால், அவரைப் போன்றவர்கள் எல்லாரும் இன்றுவரை ‘நேரமில்லை’ என்ற பெட்டிக்குள் கிடந்திருப்பார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்து நாங்கள் பயிற்சியின் நீளத்தைத்தான் குறைத்திருப்போம், பத்து நிமிடக் குதியலாக.

உங்கள் 31 ‘நேரமில்லை’களுக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொருவரும் கடைசியாகத் திறந்து பாதியில் விட்ட பயிற்சி எது என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். ஒரே பயிற்சியின் பெயர் ஐந்தாறு தடவை வந்தால், நேரம் அங்கே பிரச்சினை இல்லை. பெயர்கள் சிதறிக் கிடந்தால், பயிற்சிகளுக்கு நடுவிலான இடைவெளி இரண்டு நாள், நான்கு நாள், எட்டு நாள் என்று மெல்ல நீண்டுகொண்டே போயிருந்தால், அவர்களுக்கு உண்மையிலேயே நேரம் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பிரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் எல்லாரும் காரணத்தின் பெயரை வைத்துப் பிரிக்கிறார்கள்: விலை, நேரம், தரம், வேறு. நான் பார்த்தவரை அது எதற்கும் உதவாது. ஒரு பதிலைக் கையில் எடுத்து, ‘இதைச் சரிசெய்ய நாளைக் காலையில் நம்மில் யார் எதைத் திறந்து உட்கார வேண்டும்?’ என்று கேளுங்கள். பதிலில் ஒரு ஆளும் ஒரு இடமும் வந்தால் அதுதான் அதன் பெட்டி. நான்கு பேர் இருக்கிற இடத்தில் இது இன்னும் எளிது.

வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, வாட்ச்சில் நடந்த கணக்கு ஏறவில்லை என்பதெல்லாம் உங்கள் இன்ஜினியருடையது. குதிக்க முடியவில்லை, ரொம்பக் கடினம், அதே பயிற்சி திரும்பத் திரும்ப வருகிறது என்பது பயிற்சியாளருடையது. ‘விளம்பரத்தில் தனிப் பயிற்சியாளர் என்று போட்டிருந்தது, உள்ளே வெறும் வீடியோதான்’ என்பது விளம்பரம் எழுதுகிறவருடையது. முதல் வாரத்தில் போன அந்த 11 பேரில் நிறையப் பேர் இங்கேதான் வந்து விழுவார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் ‘விலை அதிகம்’ என்று சொல்வதற்கு, ‘நான் எதிர்பார்த்தது இது இல்லை’ என்று அர்த்தம். அடுத்து, கொஞ்ச நாள் நிறுத்திவைக்க வேண்டும் என்பவர்கள்: பரீட்சை, ஊருக்குப் போகிறேன், கையில் கட்டு. இவர்களுக்கு ரத்து ஒன்றுதான் வழியாக இருப்பதால் ரத்து செய்கிறார்கள். ‘ஒரு மாதம் நிறுத்திவை’ என்ற வசதி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக, நம் கையில் இல்லாதது என்று ஒரு பெட்டி. ஜிம்மில் சேர்ந்துவிட்டேன், நினைத்த எடைக்கு வந்துவிட்டேன், வேலை போய்விட்டது. இந்தப் பெட்டி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் இவர்களையும் எங்காவது திணித்து, சரிசெய்ய முடியாத ஒன்றைச் சரிசெய்யக் கிளம்பிவிடுவோம்.

பெட்டி பிரிக்கும்போது ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். ‘முட்டி வலி’, ‘இடுப்பு பிடித்துக்கொண்டது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கை தானாக ‘உடல்நலக் காரணம், நம் கையில் இல்லை’ என்ற பக்கம் போகும். போகவிடாதீர்கள். வலி எப்போது வந்தது என்று தெரிய வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து வந்த வலி என்றால் அது ‘நிறுத்திவைக்க’ பெட்டி. உங்கள் பயிற்சியைச் செய்து வந்த வலி என்றால் அது பயிற்சியாளரின் மேசைக்கு அன்றைக்கே போக வேண்டிய விஷயம். புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்றாம் நாளே ஆழமான ஸ்குவாட், லஞ்ஜ் பயிற்சிகளைக் கொடுத்திருக்கிறோமா, தொடங்கும்போது பழைய காயம் உண்டா என்று கேட்டோமா என்று அவர் பார்க்க வேண்டும். எத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். இரண்டு பேர் ஒரே பயிற்சியைச் சொன்னாலே அதை நிறுத்திவைத்துப் பாருங்கள். வலி என்று சொன்னவருக்குத் தள்ளுபடி விலையில் திரும்பி வாருங்கள் என்ற செய்தி போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் நலம் விசாரித்து, மருத்துவரைப் பார்த்தாரா என்று கேட்பதுதான் முறை.

‘வேறு காரணம்’ என்று எழுதிய 37 பதில்களையும் நீங்களும் உங்கள் கூட்டாளியும் தனித்தனியாக, ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்காமல், பெட்டிகளில் போடுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். பத்துப் பதிலுக்கு மேல் வேறு வேறு பெட்டியில் இருந்தால் தவறு உங்கள் இருவரிடமும் இல்லை, பெட்டியின் வரையறை தெளிவாக இல்லை. எந்தப் பதிலில் முரண்பட்டீர்களோ அதை வைத்தே வரையறையை ஒரு வரியில் திருத்தி எழுதுங்கள். வார்த்தையைத் தேடி எண்ணும் வழி இங்கே வேலைக்கு ஆகாது. நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள், ஒரே சொல்லை நான்கு விதமாக எழுதுவார்கள். 37 தானே, கண்ணால் படித்துவிடலாம். அவர் எழுதிய மூல வாக்கியத்தை அப்படியே ஒரு பத்தியில் வைத்திருங்கள், பெட்டியின் பெயரைப் பக்கத்துப் பத்தியில் போடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பெட்டிகளை மாற்றத் தோன்றும். அப்போது மூலம் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு.

இனிமேல் கேட்கப்போகிற கேள்வியையும் மாற்றிவிடுங்கள். ‘ஏன் போகிறீர்கள்?’ என்று கேட்டால் மனிதர்கள் கௌரவமான காரணத்தைத்தான் சொல்வார்கள், விலையையும் நேரத்தையும் விட கௌரவமான காரணம் கிடையாது. ‘கடைசியாகப் பயிற்சியை விட்டபோது என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். கீழே விருப்பங்களாக, ‘பயிற்சி எனக்குக் கடினமாக இருந்தது’, ‘என் வீட்டில் செய்ய வசதிப்படவில்லை’, ‘உடம்பில் வலி வந்தது’, ‘ஆப் சரியாக ஓடவில்லை’, ‘நான் நினைத்தது வேறு, இருந்தது வேறு’, ‘கொஞ்ச நாள் இடைவெளி வேண்டும்’, ‘தொடர்ந்து செய்தேன், ஆனால் இந்த விலை கட்டுப்படியாகவில்லை’ என்று வைக்கலாம். கடைசி விருப்பத்தின் முன்பாதியைக் கவனியுங்கள். செய்யாதவர் அதைத் தட்டத் தயங்குவார். இந்த வரிசை ஒவ்வொருவருக்கும் மாறி மாறி வரட்டும். இல்லாவிட்டால் மேலே இருப்பதையே தட்டிவிட்டுப் போவார்கள். ‘வேறு’ மட்டும் எப்போதும் அடியில், எழுத ஒரு கட்டத்தோடு. ‘வலி வந்தது’ என்று தட்டினால் மட்டும் ‘எந்தப் பயிற்சியின்போது?’ என்று இன்னொரு கேள்வி. மற்றவர்களுக்கு ஒரு கேள்வியோடு முடிந்துவிட வேண்டும்.

அந்தக் கேள்வி வர வேண்டிய இடம், ‘உங்கள் சந்தா ரத்தாகிவிட்டது’ என்று சொன்ன பிறகு. பதில் சொன்னால்தான் ரத்து என்று வைத்தால், சீக்கிரம் முடிய எதையாவது தட்டுவார்கள், உங்கள் கணக்கு கெடும். அதைவிட முக்கியம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், சந்தாவை ரத்து செய்வதைச் சிக்கலாக்குவதையும், போகிறவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கும் வாசகங்களையும் தடுக்கின்றன. ‘வேண்டாம், எனக்கு ஆரோக்கியம் முக்கியமில்லை’ என்று பட்டனில் எழுதும் பழக்கம் சில உடற்பயிற்சி ஆப்களில் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பதில் சொல்லாமல் போனவர்களை மறந்துவிடாதீர்கள். பிடித்தம் தோல்வியடைந்தவர்களைக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் மௌனமானவர்களுக்கும் அதே மூன்று தகவலை எடுத்துப் பாருங்கள். சொன்னவர்களைப் போலவே அவர்களும் பயிற்சி செய்திருந்தால், சொன்னவர்களின் பதிலை அவர்களுக்கும் ஓரளவு பொருத்தலாம். மௌனமானவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே போனவர்கள் என்றால், உங்கள் பெரிய ஓட்டை சர்வேயில் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஒன்றைச் சரிசெய்த பிறகு, சரியானதா என்று பார்க்கச் சதவீதத்தை எடுக்காதீர்கள். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது 126இல் 58, அதாவது 46 சதவீதம் விலை. நீங்கள் பயிற்சிகளைத் திருத்தி, அடுத்த மூன்று மாதத்தில் மொத்தப் பதிலே 80 ஆகக் குறைகிறது, அதில் 42 பேர் விலை என்கிறார்கள் என்று வையுங்கள். சதவீதம் 52க்கு மேல் போய்விடும். ‘பார், விலைப் பிரச்சினை கூடிவிட்டது’ என்பார் உங்கள் கூட்டாளி. உண்மையில் 58 பேர் 42 ஆகியிருக்கிறார்கள். சதவீதத்தின் மொத்தம் எப்போதும் நூறுதான், ஒன்று குறைந்தால் மற்றது ஏறியே தீரும். அதனால் சந்தாவில் இருக்கும் ஒவ்வொரு ஆயிரம் பேருக்கும் இந்தக் காரணத்தால் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கிடுங்கள். முதல் மாதத்தில் இருப்பவர்களைத் தனியாக, பழையவர்களைத் தனியாக. சின்ன எண்களை நம்பிக் குதிக்கவும் வேண்டாம். ஒரு பெட்டி 8இலிருந்து 12 ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

கூட்டாளியின் 199 ரூபாய் யோசனைக்குப் பதில், என் உதாரணத்தில் வரும் அந்த 14 பேரிடம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று தடவை செய்துவிட்டு, விலைதான் என்று சொல்லிப் போனவர்கள் அவர்கள் மட்டும்தான். உங்கள் ஷீட்டில் அந்தக் கூட்டம் எத்தனை பேரோ, அத்தனை பேரையும் கூப்பிடுங்கள். கூப்பிடலாமா என்று முதலில் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டு, திரும்பி வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பேசுங்கள். மாதம் 349 ஒரே தடவையாகப் போவதுதான் கஷ்டமா, வீட்டில் இரண்டு பேர் செய்வதற்கு இரண்டு சந்தாவா, இதே விலைக்கு வேறு எங்காவது கூடுதலாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். முதலாவதற்குக் குறைந்த வசதிகளோடு ஒரு சின்னத் திட்டமும், இரண்டாவதற்குக் குடும்பச் சந்தாவும் போதும். இந்த இரண்டில் எதற்கும், இப்போது 349 கட்டிக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பவர்களின் விலையைத் தொட வேண்டிய அவசியம் வராது. அந்தப் பேச்சுகள் முடியும் வரை 199ஐத் தள்ளிவையுங்கள்.